ஒன்பது மணிக்கு முன் ஒருவர்

2025 ஜூலை 14 அன்று நடிகை பி. சரோஜாதேவி பெங்களூருவில் காலமானார். கர்நாடக முதல்வர் சித்தராமையா நேரில் சென்று அஞ்சலி செலுத்தினார். அந்தச் செய்தி முதல்வர் அலுவலகத்தின் சார்பில் கன்னடத்தில் பதிவானது. கன்னடம் தெரியாதவர்களுக்காக மெட்டாவின் தளம் அதைத் தானாகவே ஆங்கிலமாக்கிக் காட்டியது. அந்த ஆங்கிலத்தில் இறந்துபோனவர் சித்தராமையா. இறந்த பிறகு அவரே நடிகையின் உடலுக்கு அஞ்சலியும் செலுத்தியிருந்தார். முதல்வரின் ஊடக ஆலோசகர் மெட்டாவுக்குக் கடிதம் எழுதி, கன்னட மொழிபெயர்ப்பு நம்பும்படி ஆகும்வரை அந்த வசதியை நிறுத்திவைக்கச் சொன்னார். மெட்டா மன்னிப்புக் கேட்டது. கோளாறைச் சரிசெய்துவிட்டதாகவும் சொன்னது.

எல்லோரும் சிரித்துவிட்டு மறந்த விஷயம். ஆனால் அந்தக் கன்னட வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை என்பதை மறக்கக் கூடாது. அதன் அமைப்பைத் தமிழில் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய இப்படி வரும்: ‘முதல்வர் சித்தராமையா அவர்கள், நேற்று காலமான பன்மொழி நட்சத்திரம், மூத்த நடிகை பி. சரோஜாதேவி அவர்களின் உடலுக்கு இறுதி அஞ்சலி செலுத்தினார்.’ தமிழ் படிக்கிற எவருக்கும் இதில் தடுமாற்றம் இல்லை. ‘காலமான’ என்ற பெயரெச்சம் தனக்குப் பின்னால் வருகிற பெயரைத் தேடிப் போகும் என்பது நமக்குப் பழகிப்போனது. எழுவாய் முதலிலேயே வந்து உட்கார்ந்துகொண்டு, கடைசியில் வரப்போகிற வினைமுற்றுக்காகப் பொறுமையாகக் காத்திருக்கும். ஆங்கிலமோ எழுவாயைச் சொன்ன கையோடு வினையைச் சொல்கிற மொழி. இயந்திரம் எழுவாயை எடுத்தது, அடுத்து கண்ணில் பட்ட வினையை அதன்மேல் ஏற்றியது. கன்னடத்தில் நடந்தது தமிழில் நடக்க எல்லா வாய்ப்பும் உண்டு. நம் அறிவிப்பு வாக்கியங்கள் பெரும்பாலும் இதே அச்சில் வார்த்தவைதாம்.

இதைவிட வேதனையான ஒன்று 2017 அக்டோபரில் நடந்தது. மேற்குக் கரையில் வேலை செய்த ஒரு பாலஸ்தீனக் கட்டடத் தொழிலாளி, புல்டோசர் அருகே தான் நிற்கும் படத்தை முகநூலில் போட்டு, அரபியில் காலை வணக்கம் எழுதியிருந்தார். முகநூல் அதை ஹீப்ருவில் ‘அவர்களைத் தாக்கு’ என்று காட்டியது. இஸ்ரேலியக் காவல்துறை அவரைக் கைதுசெய்து விசாரித்துவிட்டு, தவறு தெரிந்ததும் விடுவித்தது. கைதுக்கு முன் அரபி தெரிந்த ஒரு காவலர்கூட மூலத்தைப் படித்திருக்கவில்லை. இந்த இரண்டு நிகழ்ச்சியிலும் இல்லாமற்போனது ஒரே ஒரு ஆள். இரண்டு மொழியும் தெரிந்து, வெளியே போவதற்கு முன் ஒருமுறை பார்த்திருக்கக்கூடிய ஆள்.

மும்பையில் அந்த ஆளைத் தேடிப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். நான் உதவிக்குப் போகிற குடியிருப்போர் குழு சிறியது. அறிவிப்புகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கைப்பேசிக்கு அனுப்புகிறது. தமிழில் ஒருவர் எழுதுவார், இயந்திரம் ஆங்கிலமாக்கும், மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இரண்டும் சேர்ந்து போகும்படி நேரம் குறித்து வைப்பார்கள். நடுவில் ஒரு மனிதர் பார்க்க வேண்டும் என்பது விதி. சொல்வது சுலபம்.

தாராவியில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆன குடும்பங்கள் நிறைய. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படித்த அப்பா தமிழை நன்றாகப் படிப்பார்; ஆங்கிலத்தில் பெயர்ப்பலகை அளவுக்குத்தான் ஓடும். ஆங்கிலவழிப் பள்ளிக்குப் போன மகள் ஆங்கிலத்தை விரைவாகப் படிப்பாள். வீட்டில் தமிழ் பேசுவாள், தமிழ் எழுத்து தெரியாது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வேறு கதை. அங்கே தமிழ் பேசுகிற பாலக்காட்டுக் குடும்பங்கள் உண்டு. பெரியவர்கள் மலையாள எழுத்தில் தேர்ந்தவர்கள், பிள்ளைகள் ஆங்கிலத்தில். இரண்டையும் சரளமாகப் படிக்கக்கூடியவர் கிடைத்தாலும், அவர் தாராவிக்குள் கால் வைத்திராதவராக இருப்பார். இடப்பெயர்களில் அவருக்கு இயந்திரத்தின் கண்ணே வாய்க்கும். சயான் என்று நாம் சொல்கிற ஊரை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும்போது இயந்திரம் விவிலியத்துச் சீயோன் ஆக்கிவிட்டால், அழகாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடுவார். கிங்ஸ் சர்க்கிளை ‘மன்னர் வட்டம்’ என்று போட்டால் அங்கே இறங்க ஆள் கிடையாது.

முழு ஆள் கிடைக்காத ஊரில் இரண்டு அரை ஆட்களைச் சேர்த்து ஒருவராக்குவதே நடைமுறைக்கு வந்த வழி. அப்பா தமிழை வாய்விட்டுப் படிக்கிறார். மகள் காதால் தமிழைக் கேட்டுக்கொண்டு, கண்ணால் ஆங்கிலத்தைப் பின்தொடர்கிறாள். எழுத்து தெரியாதே தவிர, அவளுக்குக் கேட்கிற தமிழில் குறை ஒன்றும் இல்லை. முதலில் இதை ஒரு சமாளிப்பு என்றுதான் நினைத்தேன். போகப் போக, ஒருவரே இரண்டையும் மௌனமாகப் பார்ப்பதைவிட இது உறுதியானது என்று தோன்றுகிறது. கண் தாவும், வாய் தாவாது. உரக்கப் படிக்கிறவர் ஒவ்வொரு சொல்லையும் உச்சரித்தே தீர வேண்டும். கேட்கிறவள் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் இடம் தேட வேண்டும். அச்சகங்களில் மெய்ப்புப் பார்த்த காலத்தில் ஒருவர் மூலத்தைப் படிக்க மற்றவர் மெய்ப்பைத் தொடர்ந்த முறைதான் இது. மொழி மட்டும் இரண்டாகியிருக்கிறது.

மௌனப் பார்வை ஏன் ஏமாற்றுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தது 2011-இல். அன்றைய விளைவு தட்டுத்தடுமாறித்தான் வரும். எங்கே வாக்கியம் உடைந்திருக்கிறதோ அங்கே பிழை என்று கண்டுகொள்ளலாம். 2017-இல் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு நரம்பு வலைப்பின்னல் முறை வந்தபிறகு ஆங்கிலம் வழவழப்பாக வருகிறது. பிழை குறைந்தது உண்மை. ஆனால் மிச்சமிருக்கிற பிழை வெளியே தெரிவதில்லை. சொல் விடுபட்டாலும் வாக்கியம் முழுமையாகவே நிற்கும். ஆங்கிலத்தை மட்டும் படித்துப் பார்த்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்கிறவர் மொழிநடையைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். மொழிபெயர்ப்புப் பணிக்கான ஐஎஸ்ஓ 17100 தரம், மொழிபெயர்த்தவர் அல்லாத இன்னொருவர் மூலத்தையும் பெயர்ப்பையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

ஒரு அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். தாராவி மறுசீரமைப்பில் யாருக்கு என்ன வீடு என்பது தேதியையும் தளத்தையும் பொறுத்தது. 2000 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ இருந்த தரைத்தளக் குடியிருப்பு என்றால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி, இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை என்றால் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. மாடியில் இருப்பவர்களுக்கு வேறு ஏற்பாடு. இந்தப் பின்னணியில் ஆவணங்களைச் சரிபார்க்க உதவும் ஒரு முகாமுக்குத் தமிழில் இப்படி எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம்:

‘ஆவண உதவி முகாம் நாளை காலை 10 மணிக்குத் தொடங்கும். 2000 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று உள்ளவர்கள் நகல்களுடன் வரவும். அசல் ஆவணங்களைக் கொண்டுவர வேண்டியதில்லை. மாடியில் குடியிருப்பவர்களுக்கான நாள் பின்னர் அறிவிக்கப்படும்.’

இயந்திரத்தின் ஆங்கிலம் ஒழுங்காக வாசிக்கிறது. அப்பா படிக்க, மகள் தொடர்கிறாள். ‘அன்றோ அதற்கு முன்போ’ என்று அப்பா நிறுத்திச் சொல்லும்போது, ஆங்கிலத்தில் ‘முன்’ மட்டும் இருக்கிறது, ‘அன்று’ காணோம். ஒரு நாள் வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அரசாணை அந்த ஒரு நாளின்மேல்தான் நிற்கிறது. அடுத்து ‘தரைத்தளத்தில்’. அதற்கு ஆங்கிலத்தில் சொல்லே இல்லை. அது விடுபட்டால் கடைசி வாக்கியம் எதற்கு வந்தது என்றே விளங்காமல், மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் பத்து மணிக்கு வரிசையில் வந்து நிற்பார்கள். மூன்றாவது ‘வேண்டியதில்லை’. அது ‘கொண்டுவரக் கூடாது’ என்ற கட்டளையாகிவிட்டது. அசல் கட்டாயமில்லை என்பதுதான் சொல்ல வந்தது. இருபத்தைந்து ஆண்டுப் பழைய ரேஷன் அட்டையின் நகல் மங்கிப்போய் எழுத்தே தெரியாமல் இருக்கும். அப்படிப்பட்டவர் அசலை எடுத்து வந்தால்தான் முகாமில் உட்கார்ந்திருப்பவருக்குப் படிக்க முடியும். கூடாது என்று படித்தவர் படிக்க முடியாத நகலோடு வந்து, திரும்பிப் போவார்.

மூன்று பிழையும் எண், எதிர்மறை, நிபந்தனை என்ற இடங்களில் விழுந்திருக்கின்றன. சாதாரண விவரிப்பில் இயந்திரம் அதிகம் சறுக்குவதில்லை. அதனால் நேரம் குறைவாக இருக்கும்போது முழுவதையும் மேலோட்டமாகப் பார்ப்பதைவிட, தேதி, தொகை, ஆள் பெயர், இடப்பெயர், ‘இல்லை’ வருகிற இடம், யார் செய்தது என்பது ஆகியவற்றைப் பென்சிலால் வட்டமிட்டு அவற்றை மட்டும் பார்ப்பது மேல். ஆங்கிலத்தைத் திரும்ப இயந்திரத்திலேயே போட்டுத் தமிழாக்கிப் பார்ப்பது ஒரு குறுக்குவழி. விடுபட்ட ‘தரைத்தளம்’ அதில் சிக்கலாம். ஆனால் சிக்காத ஒன்று இருக்கிறது. அதே அறிவிப்பின் முதல் வாக்கியத்தில் இருக்கும் ‘நாளை’.

வெள்ளிக்கிழமை இரவு எழுதுகிறார்கள், முகாம் சனிக்கிழமை. அறிவிப்பு வெளியே போவது சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. எழுதியவருக்கு அது நாளை. படிக்கிறவருக்கு அது இன்று, இன்னும் ஒரு மணி நேரத்தில். தமிழும் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தியிருக்கும், இரண்டும் சேர்ந்தே தவறாக இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கிற எந்த முறையிலும் இது அகப்படாது. நேரம் குறித்து அனுப்புகிற எழுத்துக்கு மட்டும் உரிய வியாதி இது. கடிதம் எழுதிய காலத்தில் மேலே தேதி போட்டோம். ‘நாளை’ எந்த நாளிலிருந்து என்று படிக்கிறவருக்குத் தெரியும். கைப்பேசியில் வந்து விழுகிற அறிவிப்புக்கு, விழுந்த நேரம்தான் தேதி. எனவே பார்க்கிறவர் முதலில் தன்னை ஒன்பது மணிக்கு நகர்த்திக்கொண்டு படிக்க வேண்டும். ‘நாளை’, ‘இன்று மாலை’, ‘வருகிற ஞாயிறு’ எல்லாவற்றையும் கிழமையோடு கூடிய தேதியாக மாற்றச் சொல்வது எழுதுகிறவருக்கு எரிச்சலூட்டும். வேறு வழியில்லை.

கடிகாரத்தில் இன்னொரு சங்கதி. சில மென்பொருள்கள் கிரீன்விச் நேரத்தில் ஓடும். நாம் ஒன்பது என்று குறித்தது இந்திய நேரம் பிற்பகல் இரண்டரைக்குப் போகும். பத்து மணி முகாமுக்கு இரண்டரை மணிக்கு அழைப்பு.

இதெல்லாம் கவனக்குறைவு சார்ந்தவை, பழகினால் தீரும். தீராதது வேறு: குறித்த நேரம் வந்துவிட்டது, பார்க்க வேண்டியவர் இன்னும் பார்க்கவில்லை. இப்போது அறிவிப்பு போகுமா, நிற்குமா? மொத்த ஏற்பாட்டின் குணமும் இந்தக் கேள்விக்கான பதிலில் இருக்கிறது. வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருளில் `pending` என்ற நிலையில் இருக்கிற பதிவு, நேரம் குறித்திருந்தாலும் தானாக வெளியே போகாது. `future` என்ற நிலைக்கு யாராவது மாற்றிய பிறகே கடிகாரத்துக்குக் கட்டுப்படும். பலர் எடுத்த எடுப்பிலேயே `future` என்று போட்டுவிட்டு, ‘ஒன்பதுக்குள்ள யாராவது பார்த்துக்கட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள். அப்போது மௌனமே சம்மதம். சம்மதம் மௌனத்திலேயே கிடைத்துவிடும் என்றால் எவரும் மெனக்கெட்டு வந்து பார்க்கப்போவதில்லை. பார்க்கவில்லை என்பது வெளியே தெரியவும் தெரியாது. ஆகவே பார்க்காதவரை நிற்கும் என்பதே சரியான ஏற்பாடு என்று நான் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

அப்படி வைத்தால் இன்னொரு நெருக்கடி. எட்டு ஐம்பதுக்குக் கைப்பேசி அடிக்கிறது.

“அண்ணாச்சி, பாத்துட்டீயளா?”

“இன்னும் இல்ல தம்பி. கடையில கூட்டம்.”

“நாலு வரிதான அண்ணாச்சி. சும்மா ஒரு ஓகே மட்டும் போட்டு விடுங்க.”

அண்ணாச்சி போடுகிறார். பார்த்தவர் பெயர் பதிவாகிவிட்டது, நேரமும் பதிவாகிவிட்டது; பார்த்தது மட்டும் நடக்கவில்லை. இதைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. திறந்ததற்கும் சம்மதித்ததற்கும் இடையே உள்ள நொடிகளைப் பார்த்தால் போதும். வாய்விட்டுப் படிக்கவே ஒரு நிமிடம் ஆகிற அறிவிப்புக்குச் சில நொடிகளில் ஓகே வந்திருந்தால் விஷயம் புரிந்துவிடும். பல மாதமாக ஒரு திருத்தமும் சொல்லாமல் சம்மதித்தே வருகிறவரும் அப்படித்தான். வேண்டுமென்றே ஒரு தேதியைத் தப்பாகப் போட்டு அனுப்பி, பிடிக்கிறாரா என்று பார்ப்பதும் பல துறைகளில் உள்ள வழக்கம். எங்கள் குழுவில் அதைச் சொல்லிப் பார்த்தபோது ஒரு பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னைச் சோதிக்கியளோ?” என்றார். கூலியில்லாமல் வேலை செய்கிறவரிடம் அதற்குமேல் பேச முடியவில்லை. ஓகே பொத்தானுக்குப் பதிலாகத் தேதி, நேரம், இடம் மூன்றையும் ஆங்கில வரியிலிருந்து பார்த்துத் தமிழில் தட்டச்சிட்டு அனுப்பச் சொன்னோம். எழுத வேண்டுமானால் படித்தே ஆக வேண்டும். இதில் அவருக்கு வருத்தமில்லை.

சம்மதம் எதன்மேல் நிற்கிறது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு ஒரு ஜோடி தமிழும் ஆங்கிலமும் பார்த்து முடிக்கப்பட்டது. பத்து மணிக்கு எழுதியவர், முகாம் பத்தரைக்குத்தான் தொடங்கும் என்று தெரிந்து தமிழை மட்டும் திருத்துகிறார். ஆங்கிலத்தில் பத்து அப்படியே இருக்கிறது, சம்மதமும் அப்படியே இருக்கிறது. சம்மதம் அறிவிப்புக்குக் கொடுத்ததாக வைத்தால் இப்படித்தான் ஆகும். அந்தக் குறிப்பிட்ட இரண்டு பிரதிகளுக்கு மட்டும் கொடுத்ததாக வைத்தால், ஒரு எழுத்து மாறினாலும் அது ரத்தாகி மறுபடி பார்க்க வேண்டியதாகும். ஒரு காற்புள்ளியைச் சேர்த்ததற்கெல்லாமா என்று கேட்பார்கள். ஆம், காற்புள்ளிக்கும்தான்; சரோஜாதேவி செய்தி போன்ற வாக்கியத்தில் எது எதோடு சேரும் என்பதைச் சில நேரம் அதுதான் காட்டிக்கொடுக்கும்.

எழுத்து மாறாமலே உலகம் மாறுவதும் உண்டு. ஜூலையில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் சண்முகானந்தா அரங்கில் மாலை நிகழ்ச்சி இருந்தால், முந்தின இரவு பார்த்து முடித்த அழைப்பு, விடியற்காலை மழையில் காந்தி மார்க்கெட் முழங்காலளவு தண்ணீரில் நிற்கும்போதும் ஒன்பது மணிக்கு ‘திரளாக வருக’ என்று போய்ச் சேரும். மொழிபெயர்ப்பில் குறையே இல்லை. அதனால் மழைக்காலத்தில் சம்மதித்தவர் அல்லாத ஒருவருக்கு, காலை எட்டரைக்கு நிறுத்திவைக்கிற உரிமை கொடுத்திருக்கிறோம். அவருக்குத் தமிழும் ஆங்கிலமும் படிக்கத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. ஜன்னலைத் திறந்து பார்த்தால் போதும்.

இன்னும் தீராமல் இருப்பது இரவு அவசரம். குழாய்த் தண்ணீர் நிற்கப்போகிறது என்று பதினொரு மணிக்குத் தெரிகிறது, பார்க்க ஆளில்லை. தமிழை மட்டும் அனுப்பு, ஆங்கிலம் காலையில் என்பது என் பக்கம். இளைஞர்கள் ஒப்பவில்லை. நாம் ஆங்கிலம் தராவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது, படிக்கிறவரின் கைப்பேசியே அதை ஆங்கிலமாக்கிக் காட்டும், அதை யாரும் பார்க்கவும் முடியாது என்கிறார்கள். அது உண்மை. கர்நாடக முதல்வருக்கு நடந்ததும் அதுதான்: படிக்கிறவர் பக்கத்தில் நடந்த மொழிபெயர்ப்பு. இதற்கு இப்போதைக்கு ஒரு பாதித் தீர்வு வைத்திருக்கிறோம். இரவு அறிவிப்புகளை எழுதும்போது எழுவாயையும் வினையையும் பக்கத்தில் வைக்க வேண்டும், பெயரெச்சத்தைத் தனி வாக்கியமாக உடைத்துவிட வேண்டும். ‘குழாய் வெடித்ததால் நிறுத்தப்பட்ட 90 அடி சாலைத் தண்ணீர் சனிக்கிழமை மாலை 6 மணி வரை வராது’ என்று எழுதாமல், ‘90 அடி சாலையில் குழாய் வெடித்துவிட்டது. தண்ணீர் வராது. சனிக்கிழமை மாலை 6 மணிக்குத் தண்ணீர் வரும்’ என்று எழுதுவது. எந்த இயந்திரத்தின் கையிலும் இது அதிகம் சிதையாது.

தமிழ் எழுதுகிற பெரியவருக்கு இது பிடிக்கவில்லை. தந்தி மாதிரி இருக்கிறது என்கிறார். தண்ணீருக்கும் முகாமுக்கும் சரி என்று ஒத்துக்கொண்டவர், பொங்கல் அழைப்பை அப்படி எழுத முடியாது என்று நிற்கிறார். அவருடைய பொங்கல் வாக்கியத்தில் வினைமுற்று ஏழாவது வரியில்தான் வரும். அதற்காக அந்த அழைப்பை மட்டும் இப்போது ஒரு வாரம் முன்பே வாங்கிக்கொண்டு, அப்பாவையும் மகளையும் கூப்பிட்டு உட்கார வைக்கிறோம்.